விடை எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது? வெர்னியர், திருகு அளவி அளவீட்டுத்தாளில் பிழை தேடும் முறை

மேல்நிலை முதலாண்டு இயற்பியல் செய்முறையில் ஒரு உலோகச் சட்டத்தின் அகலத்தை வெர்னியர் அளவியாலும் தடிமனைத் திருகு அளவியாலும் அளப்பது வழக்கம். அந்தத் தாளையும் அளவிகளின் படங்களையும் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போடும்போதுதான் விடை ஒத்துவராதது தெரியவரும். கருவி கையில் இருக்காது. படம் மட்டும்தான் இருக்கும்.

அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் (அல்லது மற்ற வரிசைகளுக்கும்) உள்ள வித்தியாசத்தை எழுதுவது. இந்த இரண்டு கருவிகளிலும் ஒவ்வொரு தவறும் தனக்கென ஒரு அளவில்தான் விடையைத் தள்ளும். வித்தியாசம் சரியாக 0.1 செ.மீ என்றால் ஒரு காரணம், சுழிப்பிழையைப் போல் இரு மடங்கு என்றால் வேறு காரணம், ஒரே ஒரு பிரிவு என்றால் இன்னொன்று. அதனால் கீழே எல்லாவற்றையும் வித்தியாசத்தின் அளவைக் கொண்டே பிரித்திருக்கிறோம். ஒரே தாளின் எண்களைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்.

அந்தத் தாளில் இருப்பவை

வெர்னியர் அளவி: முதன்மைக் கோலில் 1 மி.மீ பிரிவுகள், வெர்னியரில் 10 பிரிவுகள், மீச்சிற்றளவு 0.01 செ.மீ. தாடைகள் மூடிய படத்தில் வெர்னியரின் 8-ஆம் கோடு ஒன்றியிருக்கிறது. சட்டத்தைப் பிடித்த படத்தில் முதன்மைக்கோல் அளவு 2.4 செ.மீ, வெர்னியர் ஒன்றிப்பு 7.

திருகு அளவி: புரியிடைத் தூரம் 1 மி.மீ, தலைக்கோலில் 100 பிரிவுகள், மீச்சிற்றளவு 0.01 மி.மீ. முனைகள் ஒட்டியிருக்கும் படத்தில் வரைகோட்டுக்கு நேரே தலைக்கோலின் 4-ஆம் பிரிவு.

அறிகுறி 1: வெர்னியர் விடை சரியாக 0.1 செ.மீ குறைகிறது அல்லது கூடுகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதல் காரணம் சுழிப்பிழையில் இருக்கிறது. மூடிய படத்தில் 8-ஆம் கோடு ஒன்றியதும் 8 × 0.01 = +0.08 செ.மீ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் வெர்னியரின் சுழி முதன்மைக் கோலின் சுழிக்கு இடப்புறம் போயிருந்தால் அது எதிர் சுழிப்பிழை. அங்கே 10-இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: −(10 − 8) × 0.01 = −0.02 செ.மீ. +0.08-க்கும் −0.02-க்கும் உள்ள இடைவெளி 0.10. விடையும் அதே 0.10 தள்ளிப்போகிறது. எந்தக் கோடு ஒன்றினாலும் இந்த இடைவெளி மாறாது. அதனால்தான் இந்தத் தவறு எப்போதும் சரியாக ஒரு மில்லிமீட்டராகவே வெளிப்படும்.

சுழி இடப்புறமா வலப்புறமா என்று படத்தில் பார்த்துச் சொல்வது எளிதல்ல. 0.02 செ.மீ என்பது கோட்டின் பருமனுக்குப் பக்கத்தில் வந்துவிடும்; படம் கொஞ்சம் மங்கினாலே போதும், இரண்டு சுழிகளும் நேராக இருப்பதுபோல் தெரியும். இங்கே கண்ணை நம்புவதைவிட எண்ணை நம்பலாம். வெர்னியரின் எத்தனையாவது கோடு ஒன்றுகிறது என்பதோடு, அது முதன்மைக் கோலின் எத்தனையாவது மில்லிமீட்டர் கோட்டோடு ஒன்றுகிறது என்பதையும் எண்ணுங்கள். இரண்டு எண்களும் சமமாக இருந்தால் நேர் சுழிப்பிழை. முதன்மைக் கோலின் எண் ஒன்று குறைவாக இருந்தால் எதிர் சுழிப்பிழை.

காரணம் எளிது. வெர்னியரின் ஒரு பிரிவு 0.9 மி.மீ. சுழி 0.2 மி.மீ இடப்புறம் தள்ளியிருந்தால் 8-ஆம் கோடு −0.2 + 7.2 = 7.0 மி.மீ இடத்தில் விழும். அதாவது 7-ஆம் கோட்டோடு ஒன்றும். சுழி 0.8 மி.மீ வலப்புறம் தள்ளியிருந்தால் 0.8 + 7.2 = 8.0, அதாவது 8-ஆம் கோட்டோடு ஒன்றும். நம் தாளின் படத்தில் வெர்னியரின் 8-க்கு நேரே இருப்பது முதன்மைக் கோலின் 7. ஆகவே எதிர் சுழிப்பிழை −0.02 செ.மீ, சுழித்திருத்தம் +0.02 செ.மீ.

இரண்டாவது காரணம் முதன்மைக்கோல் அளவில் இருக்கிறது. வெர்னியரின் சுழிக்கோட்டுக்கு உடனே இடப்புறம் உள்ள கோட்டைத்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வலப்புறக் கோட்டை எடுத்தால் 0.1 செ.மீ கூடிவிடும். வெர்னியர் ஒன்றிப்பு 7, 8, 9 என்று வரும்போதுதான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் சுழி அப்போது அடுத்த கோட்டை நெருங்கிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு: சுழிக்கோட்டை விட்டுவிட்டு, வெர்னியர் தகட்டின் இடது ஓரத்தை அடையாளமாக எடுப்பது. படத்தில் ஓரம் பளிச்சென்று தெரியும், சுழிக்கோடு மெல்லியதாக இருக்கும். ஓரம் சில மில்லிமீட்டர் முன்னாலேயே இருப்பதால் விடை 0.1, 0.2, 0.3 செ.மீ என்று முழு மில்லிமீட்டர்களில் குறையும்.

இதற்கும் எண்ணிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒன்றியிருக்கும் முதன்மைக்கோல் கோட்டின் அளவை மில்லிமீட்டரில் படித்து, அதிலிருந்து வெர்னியர் ஒன்றிப்பைக் கழியுங்கள். கிடைப்பதுதான் முதன்மைக்கோல் அளவு. நம் படத்தில் வெர்னியரின் 7-ஆம் கோடு 3.1 செ.மீ கோட்டோடு, அதாவது 31 மி.மீ கோட்டோடு ஒன்றுகிறது. 31 − 7 = 24 மி.மீ. தாளில் 2.4 செ.மீ என்று இருப்பது சரி. அங்கே 2.5 என்று எழுதியிருந்தால் உடனே அகப்பட்டுவிடும். சுழிக்கோட்டின் மேல் விரல் நிழலோ விளக்கொளியோ விழுந்து அது தெரியாமல் போன படத்திலும் இதே வழியில் அளவை மீட்டுவிடலாம்.

வெர்னியரின் 50 பிரிவுகள் 49 மி.மீ நீளமுள்ள, மீச்சிற்றளவு 0.02 மி.மீ கொண்ட அளவியிலும் இந்தச் சோதனை பொருந்தும். அங்கே தகட்டில் அச்சிட்ட எண்ணைக் கழிக்கக் கூடாது, கோடுகளை எண்ணித்தான் கழிக்க வேண்டும். 20 பிரிவுகள் 39 மி.மீ நீளத்துக்கு விரிந்திருக்கும் அளவிக்கு மட்டும் இது பொருந்தாது.

இப்போது அகலம்: 2.4 + (7 × 0.01) = 2.47 செ.மீ. திருத்தம் சேர்த்தால் 2.49 செ.மீ. சுழிப்பிழையை +0.08 என்று எடுத்தவருக்கு 2.39 வந்திருக்கும்.

அறிகுறி 2: வித்தியாசம் சுழிப்பிழையைப் போல் சரியாக இரு மடங்கு

நம் தாளில் ஒருவருக்கு அகலம் 2.45 செ.மீ என்று வந்தால், 2.49-இலிருந்து வித்தியாசம் 0.04. சுழிப்பிழை 0.02. இரு மடங்கு வந்தாலே குறி மாறிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். சுழிப்பிழையைக் கழிக்க வேண்டும், சுழித்திருத்தத்தைக் கூட்ட வேண்டும். பிழையைக் கண்டுபிடித்து, குறியை மாற்றித் திருத்தமாக எழுதி, கடைசியில் அந்தத் திருத்தத்தையே கழித்துவிட்டால் வேண்டாத பக்கம் போய்விடும். தாளில் ‘சுழிப்பிழை’, ‘சுழித்திருத்தம்’ இரண்டையும் தனித்தனி வரியில் குறியோடு எழுதி, அட்டவணையில் திருத்தத்தை மட்டும் பயன்படுத்துவது நல்லது. வித்தியாசம் ஒரு மடங்கு மட்டும் (0.02) என்றால் திருத்தமே செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

குறி மாறுவதற்குப் படமே காரணமாகவும் இருக்கலாம். திருகு அளவியில் தலைக்கோலின் சுழி வரைகோட்டுக்குக் கீழே நின்றால் நேர் சுழிப்பிழை, மேலே நின்றால் எதிர் சுழிப்பிழை என்று படித்திருப்போம். கருவியை வழக்கம்போல, சட்டகம் இடது பக்கமும் தலை வலது பக்கமும் இருக்கும்படி பிடித்தால்தான் அந்த விதி செல்லும். போனில் படம் தலைகீழாகத் திரும்பிவிட்டால் கீழே மேலாகிவிடும். வெர்னியரில் இடம் வலமாகிவிடும். எண்கள் நேராகப் படிக்கக் கிடைக்கும்வரை படத்தைத் திருப்பிவிட்டு அப்புறம் பாருங்கள். முன்பக்கக் கேமராவில் எடுத்த படத்தில் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டிருந்தால் திருப்பினால் போதாது, பக்கவாட்டில் புரட்ட வேண்டும்.

மேலே கீழே என்பதையே விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பு. முனைகள் ஒட்டியிருக்கும்போது வரைகோட்டுக்கு நேரே 2, 4, 5 என்று சிறிய எண் இருந்தால் நேர் சுழிப்பிழை. 95, 97 என்று இறுதியை ஒட்டிய எண் இருந்தால் எதிர் சுழிப்பிழை, அதன் அளவு −(100 − 97) × 0.01 = −0.03 மி.மீ. நம் தாளில் 4 இருப்பதால் சுழிப்பிழை +0.04 மி.மீ, திருத்தம் −0.04 மி.மீ.

அறிகுறி 3: திருகு அளவியில் ஒரு வரிசை மட்டும் 1 மி.மீ விலகி நிற்கிறது

தாளில் தடிமனுக்கு ஐந்து இடங்களில் எடுத்த அளவுகள் இவை:

| புரிக்கோல் அளவு (மி.மீ) | தலைக்கோல் ஒன்றிப்பு | மொத்தம் (மி.மீ) |
|---|---|---|
| 4 | 96 | 4.96 |
| 4 | 98 | 4.98 |
| 5 | 97 | 5.97 |
| 5 | 1 | 5.01 |
| 4 | 97 | 4.97 |

மூன்றாம் வரிசை தவறு என்பது பார்த்தவுடன் தெரிகிறது. நான்காம் வரிசையிலும் 5 இருக்கிறதே, அதையும் மாற்ற வேண்டுமா? கூடாது. 5.01 மற்ற அளவுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புரிக்கோல் எண் மாறுவது தவறல்ல, மொத்தம் தாவுவதுதான் தவறு.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், தலைக்கோல் 97 காட்டும்போது தலையின் விளிம்பு 5 மி.மீ கோட்டிலிருந்து 0.03 மி.மீ தூரத்தில்தான் நிற்கிறது. கோட்டின் பருமன் அதைவிடக் கூடுதல். அதனால் 5-ஆம் கோட்டின் ஒரு பகுதி வெளியே தெரியும், படத்தில் முழுதாகவே தெரிந்ததுபோல் இருக்கும். இந்த இடத்தில் புரிக்கோலை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது; தலைக்கோலையும் சேர்த்தே படிக்க வேண்டும். விளிம்பில் ஒரு கோடு அரைகுறையாகத் தெரியும்போது, தலைக்கோல் 90-க்கு மேல் இருந்தால் அந்தக் கோடு இன்னும் நிறைவாகவில்லை, முந்தைய எண்ணையே எழுதுங்கள். தலைக்கோல் 0, 1, 2 என்று இருந்தால் கோடு தாண்டியாயிற்று, அதையே எழுதுங்கள்.

வித்தியாசம் 1.00-க்குப் பதில் 0.50 மி.மீ என்று வந்தால் கருவியே வேறு வகை. புரியிடைத் தூரம் 0.5 மி.மீ, தலைக்கோலில் 50 பிரிவுகள் உள்ள திருகு அளவியிலும் மீச்சிற்றளவு அதே 0.01 மி.மீ என்பதால் கணக்கில் சந்தேகமே வராது. படத்தில் தலைக்கோலின் எண்கள் 45-ஓடு முடிந்து மறுபடி 0 வந்தால் அது இந்த வகை. இங்கே வரைகோட்டின் ஒரு பக்கம் முழு மில்லிமீட்டர் கோடுகளும் மறுபக்கம் அரை மில்லிமீட்டர் கோடுகளும் இருக்கும். அரைக் கோடு வெளியே வந்துவிட்டதைக் கவனிக்காமல் விட்டால் 0.50 குறையும். எதிர் சுழிப்பிழையையும் 100-இலிருந்து கழிக்காமல் 50-இலிருந்து கழிக்க வேண்டும்.

மூன்றாம் வரிசையை 4.97 என்று திருத்தினால் சராசரி 24.89 ÷ 5 = 4.978 மி.மீ. சுழித்திருத்தம் −0.04 சேர்த்தால் 4.938, அதாவது 4.94 மி.மீ. திருத்தாமல் விட்டிருந்தால் 5.138 வந்திருக்கும். ஐந்தில் ஒரு வரிசைதானே என்று விட்டுவிட முடியாது. இந்தத் தடிமன் சட்டத்தின் யங் குணகம் காணும் சோதனைக்குப் போகிறது:

```
Y = g l³ M / (4 b d³ s)
```

இதில் தடிமன் d மும்மடியில் இருக்கிறது. 5.138-க்கும் 4.938-க்கும் உள்ள விகிதம் 1.04, அதன் மும்மடி சுமார் 1.13. அந்த ஒரு கோட்டால் யங் குணகம் ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்துவிடும். இதே சோதனையில் சுழித்திருத்தத்தின் குறியை மாற்றிப் போட்டால் தடிமன் 5.018 ஆகும், விடை ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். வெர்னியரில் அளந்த அகலம் b ஒருமடியில்தான் இருக்கிறது, 2.49-க்குப் பதில் 2.45 எடுத்தாலும் மாற்றம் சுமார் 1.6 சதவீதம்தான். நேரம் குறைவாக இருந்தால் திருகு அளவிப் படங்களை முதலில் சரிபாருங்கள்.

அறிகுறி 4: ஒரு பிரிவு மட்டும் தள்ளிப்போகிறது, 6-ஆ 7-ஆ என்று முடிவுசெய்ய முடியவில்லை

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கோடுகள் தடித்து மங்கும், தெளிவு வராது. ஒன்றிய கோட்டையே உற்றுப் பார்ப்பதைவிட அதன் இருபுறமும் பாருங்கள். சரியான ஒன்றிப்பின் வலப்புறம் உள்ள வெர்னியர் கோடுகள் தத்தம் முதன்மைக்கோல் கோடுகளுக்குச் சற்று இடப்பக்கம் நிற்கும். இடப்புறம் உள்ளவை சற்று வலப்பக்கம் நிற்கும். அதாவது இருபுறமும் ஒன்றிய கோட்டை நோக்கி ஒதுங்கியிருக்கும். தூரம் கூடக்கூட அந்த இடைவெளியும் 0.1, 0.2, 0.3 மி.மீ என்று வளரும். 7-ஐ ஒன்றிப்பு என்று நினைத்தால் 5-இலும் 9-இலும் இடைவெளியை ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் 7 சரி. 9-இல் இடைவெளி தெளிவாகப் பெரிதாக இருந்தால் 6-தான் ஒன்றுகிறது. 6, 7 இரண்டும் ஒரே அளவு நெருக்கமாகத் தெரிந்தால் ஏதாவது ஒன்றை எழுதலாம். உண்மை அளவு நடுவில் இருக்கிறது, எதை எடுத்தாலும் பிழை மீச்சிற்றளவுக்குள் அடங்கும். 6.5 என்று எழுத வேண்டாம்.

0, 10 ஆகிய இரண்டு கோடுகளும் ஒன்றுவதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். 10 வெர்னியர் பிரிவுகள் 9 மி.மீ என்பதால் ஒன்று ஒன்றினால் மற்றதும் ஒன்றும். ஒன்றிப்பு 0 என்று எழுதுங்கள்.

படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் அது எதைப் படம்பிடித்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். தாளில் அச்சிட்ட அல்லது வரைந்த அளவுகோல் என்றால் கவலையில்லை. தாள் தட்டையானது, சாய்வில் பிரிவுகள் குறுகலாம், விரியலாம், ஆனால் ஒரே நேரில் சந்திக்கும் இரண்டு கோடுகள் பிரிந்துபோகாது. கருவியையே படம் எடுத்திருந்தால் நிலைமை வேறு. வெர்னியர் தகடு முதன்மைக் கோலின் பரப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும். அந்த உயரம் 0.3 மி.மீ, கேமரா கோலின் நீளவாக்கில் 20 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கோடு சுமார் 0.1 மி.மீ நகர்ந்து தெரியும். அது முழுதாக ஒரு பிரிவு. இதுதான் இடமாறு தோற்றப் பிழை.

திருகு அளவியிலும் தலையின் விளிம்பு வரைகோட்டைவிட உயரத்தில் இருப்பதால், கேமரா மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் ஒன்றிப்பு ஓரிரு பிரிவு மாறும். படத்தில் வரைகோடு உருளையின் நடுவில் செல்கிறதா என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் உருளை சமமாகத் தெரிந்தால் கேமரா நேராக இருந்திருக்கிறது. வரைகோடு ஒரு ஓரமாகத் தள்ளிப்போயிருந்தால் அந்தப் படத்தில் கடைசி இலக்கத்தை நம்ப முடியாது. மூடிய படமும் அளவீட்டுப் படமும் ஒரே சாய்வில் எடுக்கப்பட்டிருந்தால் நகர்வு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகி, கழிக்கும்போது பெரும்பகுதி அடிபட்டுப்போகும். ஒன்று நேராகவும் மற்றது சாய்வாகவும் இருந்தால் அடிபடாது.

அறிகுறி 5: விடை பத்து மடங்கு

இது அலகுக் குழப்பம்தான். வெர்னியரின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ, திருகு அளவியினது 0.01 மி.மீ. எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் அலகு மற்றதன் பத்தியில் ஏறிவிடுகிறது. வாய்பாட்டில் போடும் முன் அகலம் 2.49 × 10⁻² மீ, தடிமன் 4.94 × 10⁻³ மீ என்று இரண்டையும் மீட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 6: மூடிய நிலைப் படமே இல்லை

அளவீட்டுப் படங்களிலிருந்து சுழிப்பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. ‘சுழிப்பிழை இல்லை’ என்று எழுதிவிடுவது தவறு. அது ஒரு அளவீட்டின் முடிவு, அளக்காமல் எழுதக் கூடாது. பக்கத்து மேசைத் தோழரின் திருத்தத்தை வாங்கிப் போடுவதும் பயன்படாது, சுழிப்பிழை ஒவ்வொரு கருவிக்கும் வேறு. தடிமன் தெரிந்த ஒரு பொருளை அதே கருவியில் அளந்த படம் இருந்தால் மட்டும் வழி உண்டு: படித்த அளவிலிருந்து தெரிந்த அளவைக் கழித்தால் சுழிப்பிழை கிடைக்கும். அதுவும் இல்லையென்றால், கருவியில் எழுதியிருக்கும் ஆய்வக எண்ணைப் படத்தில் தேடிக் குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் அதே கருவியை எடுங்கள். முனைகளை மெல்லிய துணியால் துடைத்து, திருகு அளவி என்றால் பற்சக்கரத் தலையைப் பிடித்து ‘டிக்’ ஒலி கேட்கும்வரை சுழற்றி மூடி, நேராக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்சக்கரத்தை விட்டு நேரே தலையைப் பிடித்து இறுக்கினால் அழுத்தத்திலேயே ஒன்றிரண்டு பிரிவு குறைந்து, இல்லாத எதிர் சுழிப்பிழை ஒன்று வந்து சேரும்.